முன்வாசல் வழியாகப் போங்கள், தம்பி

கேள்வி: குமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கம் சிறிய சலூன் நடத்துகிறேன். வயது 36. முடிவெட்ட 150, சவரத்துக்கு 80 ரூபாய் வாங்குகிறேன். செவ்வாய் விடுமுறை. கத்தாரில் இருக்கும் வாடிக்கையாளர் ஒருவர், படுக்கையில் கிடக்கும் தன் அப்பாவுக்கு வீட்டுக்கே வந்து முடிவெட்ட முடியுமா என்று கேட்கிறார். இப்படிக் கேட்பவர்கள் இன்னும் நான்கைந்து பேர் இருக்கிறார்கள். என் அப்பா அந்தக் காலத்தில் வீடு வீடாகப் போய், பின்பக்கம் நின்று, அறுவடைக்கு நெல் வாங்கியவர். "இனி நம்ம வீட்டுல யாரும் அடுத்தவன் முற்றத்துல போய் நிக்கக் கூடாது" என்று சொல்லித்தான் எனக்குக் கடை வைத்துக் கொடுத்தார். போகலாமா? போனால் எவ்வளவு வாங்குவது, எதைக் கவனிப்பது, எப்போது போவது?

பதில்:

உங்கள் அப்பா சொன்னதை லேசாகத் தள்ளிவிடாதீர்கள், தம்பி. என் அப்பாவும் தக்கலைப் பக்கத்து வீடுகளில் மாட்டுத் தொழுத்தருகே நின்று சவரம் செய்தவர்தான். வாடா என்று கூப்பிட்டால் போக வேண்டும், என்ன கொடுத்தாலும் வாங்க வேண்டும், எந்த நேரமானாலும் முடியாது என்று சொல்லக் கூடாது. அவருக்கு வலித்தது இந்த மூன்றும்தான். இன்று போகும் நேரத்தையும் கூலியையும் முடியாது என்று சொல்லும் உரிமையையும் நீங்களே வைத்துக்கொள்ள முடியும் என்றால் தாராளமாகப் போங்கள். அப்பாவிடமும் இதை உட்கார்ந்து பேசுங்கள்.

அந்த வீட்டில் முதல் நாள் முன்வாசல் வழியாகப் போங்கள். காலைக் கழுவிவிட்டு உள்ளே போய், அவர்கள் காட்டும் நாற்காலியில் இரண்டு நிமிடம் உட்காருங்கள். யாராவது பின்பக்கமாக வரச் சொன்னால், வேலைக்கு ஒப்புக்கொள்ளாமல் திரும்பி விடுங்கள். நாற்பது வருடத் தொழிலில் இரண்டு வீடுகளிலிருந்து நான் அப்படித் திரும்பியிருக்கிறேன். இரண்டாவது வீட்டுக்காரர் மறுநாள் கடைக்கே வந்து மன்னிப்புக் கேட்டார்.

அடுத்தது பாதுகாப்பு. இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். இரணியல் பக்கம் ஒரு பாட்டாவுக்குச் சவரம் செய்யப் போனேன். கடையில் செய்வது போலவே பிளேடு போட்ட கத்தியால் இழுத்தேன். தாடைக்குக் கீழே சின்னதாக ஒரு கீறல். கடையில் என்றால் படிகாரத்தைத் தேய்த்தால் நின்றுவிடும். அவருக்கு நிற்கவே இல்லை, துண்டு நனைந்துகொண்டே இருந்தது. பிறகுதான் மருமகள் சொன்னாள், இரண்டு வருடமாக இருதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்று. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை அது. சுத்தமான பஞ்சுத் துணியை வைத்து, இடையில் எடுத்து எடுத்துப் பார்க்காமல், பத்து நிமிடம் அழுத்திப் பிடித்த பிறகுதான் நின்றது. கேட்காமல் கத்தியை எடுத்தது என் தவறு.

அதனால் போவதற்கு முன்பே போனில் நான்கு விஷயம் கேட்டுவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உண்டா? சர்க்கரை உண்டா? தலையிலோ முகத்திலோ புண், சொறி, படர்தாமரை, பேன் ஏதாவது இருக்கிறதா? ஆளை உட்கார வைக்க முடியுமா? முதல் கேள்விக்கு ஆமாம் என்றால் பிளேடே வேண்டாம், சீப்பு மாட்டாத டிரிம்மரால் எடுங்கள். கையால் தடவினால் லேசாகச் சொரசொரக்கும், பார்வைக்கு முகம் பளிச்சென்று இருக்கும். சர்க்கரை உள்ளவர் என்றால், நகத்தையும் வெட்டிவிடச் சொல்வார்கள். கால் நகத்தை மட்டும் தொடாதீர்கள். அவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், சின்ன வெட்டுகூட ஆறாத புண்ணாகிவிடலாம். அது மருத்துவரிடம் காட்ட வேண்டிய வேலை. மூன்றாவது கேள்விக்கு ஆமாம் என்றால், முதலில் மருத்துவம் பார்க்கச் சொல்லுங்கள். சொறியை ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நாமே சுமந்துவிடக் கூடாது.

கடையில் பத்துப் பேருக்குத் தேய்த்த படிகாரக் கட்டியையும் சோப்புப் பிரஷையும் அந்த வீடுகளுக்குக் கொண்டுபோக வேண்டாம். பிளேடு தேவைப்படும் இடத்தில், அவர்கள் கண் முன்னாலேயே புதியதைப் பிரித்து மாட்டுங்கள். மஞ்சள் காமாலையில் பி, சி என்ற இரண்டு வகைகளும் ரத்தம் பட்ட பிளேடு வழியாகப் பரவக் கூடியவை. பயன்படுத்தியதைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி உங்களுடனேயே எடுத்து வந்துவிடுங்கள். டிரிம்மர் தலையில் சிக்கிய முடியைப் பிரஷால் தட்டி எடுத்துவிட்டு, ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிட்ட பிறகே அடுத்த வீடு.

படுக்கையில் இருப்பவரைத் திடீரென்று தூக்கி உட்கார வைத்தால் தலை சுற்றும். தலையணை வைத்துத் தலைப்பக்கத்தை முதலில் கொஞ்சம் உயர்த்துங்கள். சிறிது நேரம் கழித்து, காலைத் தொங்கவிட்டு உட்கார வையுங்கள். அப்போதும் வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், தூக்கும் வேலையை நீங்கள் தனியாகச் செய்யக் கூடாது. உட்கார முடியாதவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து ஒரு பக்கம், பிறகு திருப்பி மறுபக்கம். எந்த நிலையிலும் கழுத்தைப் பின்னால் மடக்கித் தொங்கவிட்டுத் தலை கழுவாதீர்கள். வயதான கழுத்தில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் நெருக்கப்படலாம். நனைத்துப் பிழிந்த துண்டால் துடைத்தாலே போதும்.

ஒரு பாட்டாவுக்கு நினைவு தப்பிப்போயிருந்தது. டிரிம்மர் சத்தம் கேட்டாலே கையை ஓங்குவார். முதல் தடவை நான் முடியைத் தொடவில்லை, சீப்பை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த தடவை டிரிம்மரை ஓடவிட்டு என் கையிலேயே வைத்துக் காட்டினேன். மூன்றாவது தடவை தலையைக் குனிந்து கொடுத்தார். "மக்கா, மீசைய மட்டும் எடுத்திராத, கேட்டியா" என்றார். மகன் போனில் மழிக்கச் சொல்லியிருந்தார். நான் மீசையை ஒதுக்கி மட்டும் விட்டேன். காசு யார் கொடுத்தாலும் தலை அவருடையது, என்ன செய்யட்டும் என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் படம் அனுப்பச் சொன்னாலும் அவர் சம்மதித்தால் மட்டும் எடுங்கள்.

கூலிக்கு வருவோம். உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். வீடு 6 கிலோமீட்டர் தள்ளி என்றால் போக வர அரை மணி நேரம், வேலை முக்கால் மணி நேரம். இந்த 75 நிமிடத்தில் கடையில் இரண்டு முடிவெட்டும் ஒரு சவரமும் முடித்திருப்பீர்கள், 380 ரூபாய். பைக்குக்கு 12 கிலோமீட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 30. பிளேடு, கையுறை, பஞ்சுத் துணி, கீழே விரிக்கும் பிளாஸ்டிக் தாள் எல்லாம் சேர்த்து இன்னொரு 30. ஆக 440 ஆகிறது. முடியும் சவரமும் சேர்த்து 450 ரூபாய் என்று சொல்லுங்கள். சவரம் மட்டும் என்றால் 80 ரூபாயோடு 100 கூட்டிச் சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்லாதீர்கள், போக வர ஆகும் நேரம் குறையவில்லையே. 300 வாங்குங்கள். அதே வீட்டில் பாட்டிக்கோ இன்னொருவருக்கோ செய்தால் 200 போதும்.

பார்த்துக் கொடுங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என் அப்பாவின் காலத்தில் நெல் அளந்ததும் அந்தப் பேச்சில்தான். விலையை ஒரு அட்டையில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், பணம் வேலை முடிந்த அன்றே போனில் வந்துவிட வேண்டும். முந்தின நாள் மாலை ஆறு மணிக்குள் வேண்டாம் என்று சொன்னால் ஒன்றும் வாங்காதீர்கள். போன பிறகு பெரியவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலோ அவருக்கே மனமில்லை என்றாலோ, வேலை செய்யாமல் 100 ரூபாய் வழிச்செலவு மட்டும். கொடுக்க வழியில்லாத வீடு ஒன்று இருக்கும். அங்கே பாதி விலைக்குச் செய்வது உங்கள் விருப்பம், அதை வெளியே சொல்ல வேண்டாம்.

கடை விடுமுறையான செவ்வாயிலேயே எல்லா வீட்டையும் முடித்துவிடலாம் என்று நினைப்பீர்கள். நம் மாவட்டத்தில் அது பாதி வீட்டுக்குத்தான் நடக்கும். இந்து வீட்டுப் பெரியவர்கள் பலர் செவ்வாய், வெள்ளி, அமாவாசை, பிறந்த நட்சத்திரம் என்று தலையைக் கொடுக்க மாட்டார்கள். கிறிஸ்தவ வீடுகளையும் முஸ்லிம் வீடுகளையும் செவ்வாயில் வையுங்கள். மற்றவர்களுக்குப் புதன் காலை. கத்தோலிக்க வீடுகளில் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளிகளுக்கு மாதத்தின் முதல் வெள்ளியன்று வீட்டுக்கு நற்கருணை கொண்டுவரும் பங்குக் கோயில்கள் உண்டு, அதற்கு முன் வியாழனில் முகம் மழித்திருக்க அந்தப் பெரியவர்கள் ரொம்ப ஆசைப்படுவார்கள். சனி, ஞாயிறு உங்கள் கடைக்கூட்ட நாள், அன்று யார் கேட்டாலும் வீட்டுக்குப் போகாதீர்கள்.

வேலை தொடங்கும் நேரம் காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டு வரை. அவர் சாப்பிட்டு மாத்திரை போட்டிருக்க வேண்டும், குளிப்பாட்டுவதற்கு முன்னால் இருக்க வேண்டும். வெறும் வயிற்றில் இருக்கும் சர்க்கரைக்காரரை முக்கால் மணி நேரம் உட்கார வைத்தால் மயங்கிவிடலாம். சிலருக்குக் காலையில் நீர் போகும் மாத்திரை உண்டு, அவர்களை ஒருமுறை போய் வரச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். ஒரு காலையில் ஒரே வழியில் மூன்று வீடு, அதற்கு மேல் வைக்காதீர்கள். வீட்டுக்கு வீடு அரை மணி நேரம் இடைவெளி விட்டால்தான் ஒரு பாட்டா பழைய கதை சொல்லும்போது நீங்கள் கடிகாரத்தைப் பார்க்க மாட்டீர்கள்.

வீட்டில் பொறுப்பான ஆள் ஒருவர் இல்லாமல் உள்ளே போகாதீர்கள். தனியாக இருக்கும் பெரியவர் என்றால் அக்கம்பக்கத்தவர் ஒருவரை அந்த நேரம் வந்திருக்கச் சொல்லுங்கள். சங்கிலி, மோதிரம், பணம் கண்ணில் பட்டால் வேலை தொடங்கும் முன்பே எடுத்து வைக்கச் சொல்லிவிடுங்கள். பாட்டிகளுக்கு முடி வெட்ட ஒரு பெண்ணைப் பழக்கிக்கொள்வது நல்லது. பராமரிக்கக் கஷ்டம் என்று வீட்டார் பாட்டியின் கொண்டையை ஒட்ட வெட்டச் சொல்வார்கள். பாட்டி தன் வாயால் சரி என்று சொன்னால் ஒழிய வெட்டாதீர்கள்.

ஒன்று பாக்கி இருக்கிறது. நீங்கள் முடிவெட்டி வந்த பெரியவர் ஒருநாள் இறந்துபோவார், அந்த வீட்டிலிருந்து உங்களுக்குப் போன் வரும். கடைசியாக ஒருதரம் முகம் மழிக்கக் கேட்பார்கள், சில வீட்டில் அதோடு சாவுக் காரியங்களையும் செய்யச் சொல்வார்கள். உங்கள் அப்பாவுக்கு அது கட்டாயமாக இருந்தது. உங்களுக்கு இல்லை. முகம் மழிப்பது என்றால் சரி, காரியங்கள் முடியாது என்றோ, இரண்டுமே முடியாது என்றோ இப்போதே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். சாவு வீட்டில் நின்றுகொண்டு யோசிக்க முடியாது. நான் முகம் மழிக்க மட்டும் போவேன், மீசைக்காரப் பாட்டாவுக்கும் போனேன். அன்றும் மீசையை ஒதுக்கி மட்டும்தான் விட்டேன்.