‘தர்ட்டீன்’ சொல்லில் அழுத்தம் எந்த அசையில்?

“‘தர்ட்டீன்’ என்ற சொல்லுக்குக் கடைசி அசையில்தான் அழுத்தம் என்று அகராதி சொல்கிறது. ஆனால் ஆங்கிலச் செய்திகளில் ‘தர்ட்டீன் பீப்பிள்’ என்று வாசிக்கும்போது முதல் அசைதான் தூக்கலாகக் கேட்கிறது. ‘ஜப்பனீஸ்’, ‘ஆஃப்டர்நூன்’ சொற்களிலும் இதே குழப்பம். எதைப் பின்பற்றுவது? எந்தெந்தச் சொற்களில் இப்படி மாறும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?”

இரண்டும் சரிதான். சொல் தனியாகவோ வாக்கியத்தின் முடிவிலோ வந்தால் தர்ˈட்டீன். அதே சொல் ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடையாக வந்து, அந்தப் பெயர்ச்சொல்லின் முதல் அசையில் அழுத்தம் இருந்தால் ˈதர்ட்டீன் ˈபீப்பிள். ˈ குறிக்கு அடுத்து வருவது அழுத்தமுள்ள அசை.

காரணம் தாளம். தர்ˈட்டீன் ˈபீப்பிள் என்று சொல்லிப் பாருங்கள். ‘ட்டீன்’, ‘பீப்’ என இரண்டு பலமான அசைகள் இடைவெளியே இல்லாமல் அடுத்தடுத்து விழுகின்றன. ஆங்கில ஓட்டம் இந்த மோதலை விரும்புவதில்லை. மொழியியலில் இதற்கு ‘ஸ்ட்ரெஸ் கிளாஷ்’ என்று பெயர். மார்க் லிபர்மனும் ஆலன் பிரின்ஸும் 1977-இல் எழுதிய கட்டுரை ‘தர்ட்டீன் மென்’ என்ற தொடரை வைத்து இதை அலசியது. அதிலிருந்து இந்தத் தொடர்தான் பாடப்புத்தக உதாரணமாகிவிட்டது.

‘அழுத்தம் முன்னால் நகர்கிறது’ என்று சொல்லிக் கொடுப்பார்கள். கேட்க அப்படித்தான் இருக்கும், ஆனால் பயிற்சிக்கு உதவும் விளக்கம் வேறு. அகராதியில் ‘தர்ட்டீன்’ சொல்லுக்கு இரண்டு குறிகள் இருக்கும்: முதல் அசைக்கு முன்னால் கீழே ஒரு சிறு கோடு (ˌ), கடைசி அசைக்கு முன்னால் மேலே ஒரு கோடு (ˈ). கீழ்க்கோடு துணை அழுத்தம், மேல்கோடு முதன்மை அழுத்தம். ஆக, சொல்லுக்குள் ஏற்கெனவே இரண்டு கனமான அசைகள் உண்டு. பின்னால் ‘பீப்பிள்’ வந்ததும் முதன்மை இடம் அதற்குப் போய்விடுகிறது. நடுவில் மாட்டிக்கொண்ட ‘ட்டீன்’ அடங்குகிறது. முதலில் இருந்த ‘தர்’ மட்டும் மிஞ்சி எடுப்பாகத் தெரிகிறது. நீங்கள் செய்ய வேண்டியது நடு அசையைத் தணிப்பது மட்டுமே. முதல் அசையில் புதிதாக எதையும் ஏற்ற வேண்டாம்.

எந்தச் சொற்கள் மாறும் என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கும் விடை இதில்தான் இருக்கிறது. முதல் பகுதியில் கனமான அசை இருந்தால்தான் அது மிஞ்ச முடியும். ‘ஆஃப்டர்நூன்’ சொல்லில் இருக்கிறது, அதனால் ˈஆஃப்டர்நூன் ˈடீ. ‘மரூன்’ சொல்லில் முதல் அசை வெறும் தேய்ந்த உயிரொலி (அகராதியில் தலைகீழ் ‘e’ போன்ற ə குறி). அங்கே அழுத்தம் தங்க இடமில்லை. எனவே மˈரூன் ˈஷர்ட் என்று இரண்டு அழுத்தங்களும் மோதினாலும் அப்படியேதான் சொல்ல வேண்டும். ‘பொலைட்’ சொல்லும் இப்படியே. ‘ஆன்டீக்’ சற்று ஏமாற்றும். பல அகராதிகள் அதில் துணை அழுத்தக் கோட்டைப் போடுவதில்லை. ஆனால் முதல் அசையில் முழு உயிரொலி இருப்பதால் ˈஆன்டீக் ˈசேர் என்று மாறும். ஆகவே கோடு இருக்கிறதா என்பதோடு முதல் அசையின் உயிரொலி முழுசா, தேய்ந்ததா என்றும் பாருங்கள். லாங்மேன் அகராதிகளில் வேலை இன்னும் சுலபம்: மாறக்கூடிய சொற்களுக்குப் பின்னால் ◂ என்ற சிறு முக்கோணம் போட்டிருப்பார்கள்.

அன்றாடப் பேச்சில் இது அதிகம் வருவது கூட்டு அடைமொழிகளில். ஷி வர்க்ஸ் ஃபுல்-ˈடைம், ஆனால் அ ˈஃபுல்-டைம் ˈஜாப். ஹி இஸ் வெல்-ˈநோன், ஆனால் அ ˈவெல்-நோன் ˈஆக்டர். லண்டனின் இடப்பெயர்களும் நல்ல பயிற்சி: வாட்டர்ˈலூ, ஆனால் ˈவாட்டர்லூ ˈஸ்டேஷன், பிக்காˈடில்லி, ஆனால் ˈபிக்காடில்லி ˈசர்கஸ்.

பின்னால் வரும் சொல்லின் முதல் அசை அழுத்தமில்லாததாக இருந்தால் நெருக்கடி குறைவு. ‘ஜப்பனீஸ் கிட்டார்’ தொடரில் ‘னீஸ்’, ‘டார்’ இரண்டுக்கும் நடுவே ‘கி’ என்ற லேசான அசை வந்துவிடுகிறது. இங்கே மாற்றினாலும் சரி, மாற்றாவிட்டாலும் உறுத்தாது. மிக நிதானமாகப் பேசும்போது இரண்டு சொற்களுக்கும் நடுவில் சிறிது நிறுத்தியும் மோதலைத் தவிர்க்கலாம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் செய்வதுதான்.

தமிழில் அழுத்தத்தை இடம் மாற்றிச் சொல்வதால் சொல்லின் பொருள் மாறுவதில்லை. அதனால் நாம் எல்லா அசைகளையும் ஒரே கனத்தில் சொல்லிவிடுவது இயல்பு. இதைத் திருத்தப் போகும்போது எதிர்ப்பக்கம் சாய்வதும் உண்டு: ˈதர்ட்டீன் என்று ஓங்கிச் சொல்லிவிட்டு, ‘பீப்பிள்’ என்பதை அப்படியே விழவிடுவது. அப்படிச் சொன்னால் “வேறு எண் இல்லை, பதின்மூன்று” என்று யாரையோ மறுப்பதுபோலக் கேட்கும். குரலின் பெரிய ஏற்ற இறக்கம் பெயர்ச்சொல்லில்தான் விழ வேண்டும். பயிற்சிக்கு முதலில் பீப்பிள் மட்டும் சொல்லுங்கள். பிறகு அந்தக் கனம் குறையாமல் முன்னால் ‘தர்ட்டீன்’ சேர்த்து, ‘ட்டீன்’ வரும்போது சுருதியை உயர்த்தாமல் கடந்து போங்கள். ‘ட்டீ’ நெடில்தான், அதைக் குறிலாக்கிவிடாதீர்கள்.

நெடிலைச் சொல்லக் காரணம் உண்டு. ‘தர்ட்டி’ என்ற முப்பதில் அழுத்தம் எப்போதும் முதல் அசையில். பதின்மூன்றிலும் பெயர்ச்சொல்லுக்கு முன் முதல் அசை எடுப்பாகிவிட்டால், இரண்டையும் பிரித்துக்காட்டும் பெரிய அடையாளம் ஒன்று போய்விடுகிறது. அப்போது கேட்பவருக்கு எஞ்சியிருப்பவை நெடிலும், இறுதி ‘ன்’ ஒலியும், காற்றுத் தள்ளிச் சொல்லும் வல்லின டகரமும்தான். அமெரிக்கர்கள் முப்பதை மென்மையான டகரத்தோடு ‘தர்டி’ என்றே சொல்வார்கள். தொலைபேசியில் தொகையோ தேதியோ சொல்லும்போது சந்தேகம் வந்தால் தாளத்தைப் பார்க்காதீர்கள். தர்ˈட்டீன் என்று கடைசி அசையை ஓங்கிச் சொல்லி, ‘ஒன் த்ரீ’ என்று இலக்கங்களையும் சேர்த்துவிடுங்கள். வேறுபடுத்திக் காட்டும் தேவை எப்போதும் தாள விதியை மீறும். வரிசையாக எண்ணும்போது ˈதர்ட்டீன், ˈஃபோர்ட்டீன், ˈஃபிஃப்டீன் என்று பெயர்ச்சொல் இல்லாமலேயே முதல் அசை எடுப்பாவதும் இதனால்தான்: மாறிக்கொண்டே இருப்பது முதல் பகுதி.

ஓர் எச்சரிக்கை. அடைமொழியும் பெயரும் சேர்ந்து ஒரே தொகைச்சொல் ஆகிவிட்டால் இந்த விதி பொருந்தாது. ‘ஜப்பனீஸ் டீச்சர்’ என்பதைப் பாருங்கள். ஜப்பான்காரரான ஆசிரியர் என்றால் ˈஜப்பனீஸ் ˈடீச்சர், அழுத்தம் மாறுகிறது. ஜப்பானிய மொழி கற்பிப்பவர் என்றால் ஜப்பˈனீஸ் டீச்சர். இங்கே ‘டீச்சர்’ அடங்கிவிடுவதால் மோத எதுவுமில்லை. ‘னீஸ்’ தன் இடத்திலேயே நிற்கும்.