மாசி மகம் ஏன் எல்லா வருஷமும் பௌர்ணமி அன்னைக்கே வரல?

"காலண்டர்ல பௌர்ணமி ஒரு நாள், மாசி மகம் அதுக்கு முந்தின நாள் போட்டிருக்கு. ரெண்டும் ஒண்ணு இல்லையா?"

நாள் குறிக்கிறது நட்சத்திரத்த வச்சுத்தாங்க, பௌர்ணமி பக்கத்துல வரும், அவ்ளோதான். மாசியில சூரியன் கும்பத்துல இருப்பார், பௌர்ணமின்னா சந்திரன் நேர் எதிர்ல, அதாவது சிம்மத்துல இருக்கணும், சிம்மத்தோட முதல் பதிமூணேகால் பாகை சொச்சம்தான் மகம்.

சூரியன் நாளுக்கு ஏறக்குறைய ஒரு பாகை நகருறதால தேதியப் பாத்தே சொல்லிடலாம். 2016 கும்பகோணம் மகாமகம் பிப்ரவரி 22, மாசி 10, அன்னைக்கே பௌர்ணமி, சந்திரன் சிம்மத்துல பத்து பாகை கிட்ட இருந்ததால மகத்தோட கச்சிதமா சேந்துடுச்சு. அதே பௌர்ணமி மாசி 20க்கு மேல தள்ளிப் போச்சுன்னா சந்திரன் மகத்தத் தாண்டி பூரத்துக்குப் போயிருப்பார், அப்ப மகாமகக் குளத்துல தீர்த்தவாரி முந்தின நாளே நடக்கும், கோயில் பௌர்ணமிக்காக காத்திருக்காது.

பங்குனி உத்திரத்துக்கும் இதே கணக்குதான், ஆனா கன்னியில உத்திரம் முதல் பத்து பாகைதான், அதனால பௌர்ணமி பங்குனி கடைசியில வந்தா சந்திரன் அஸ்தம், சித்திரைன்னு போயிடுவார், உத்திரம் ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியே வந்துடும். திருவாரூர் பக்கம் வர்றதா இருந்தா பௌர்ணமிய நம்பி டிக்கெட் போடாதீங்க, பஞ்சாங்கத்துல நட்சத்திரத்தப் பாருங்க.