நான்கு கம்பெனி, மூன்று வருடம்: நேர்காணலில் என்ன சொல்வது?

கேள்வி: எனக்கு 30 வயது. பி.காம். முடித்துவிட்டு திருப்பூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் நான்கு வருடம் இருந்தேன். 2022 ஆகஸ்டுக்குப் பிறகு நான்கு கம்பெனி மாறிவிட்டேன். முதல் இடத்தில் சம்பளம் இரண்டு மாதம் வராததால் எட்டு மாதத்தில் விலகினேன். அடுத்தது கன்சல்டன்சி மூலம் ஒரு மில்லில் எட்டு மாத கான்ட்ராக்ட். மூன்றாவது இடத்தில் அக்கவுன்ட்ஸ் வேலை என்று சேர்த்துவிட்டு பில்லிங் கவுன்டரில் உட்கார வைத்தார்கள். ஆறு மாதத்தில் வந்துவிட்டேன். கடைசியாக இருந்த எக்ஸ்போர்ட் கம்பெனியில் 14 மாதம். ஆர்டர் குறைந்ததால் 2025 அக்டோபரில் அனுப்பிவிட்டார்கள். எங்கே போனாலும் “ஏம்மா இப்படி மாறிக்கிட்டே இருக்கீங்க?” என்றுதான் கேட்கிறார்கள். ஆறு மாத வேலையை மறைத்துவிடலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: அந்தக் கேள்வியைக் கேட்பவருக்கு உங்கள் கடந்தகாலம் முக்கியமில்லை. ‘இவரைச் சேர்த்து, நம் கணக்கு முறையைப் பழக்கி, மூன்று மாதம் கழித்து ஓரளவு கைகொடுக்கும் நேரத்தில் போய்விடுவாரோ’ என்பதுதான் அவர் பயம். மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நேரத்தில் ஆள் இல்லாமல் தவித்த அனுபவம் அவருக்கு இருக்கலாம். உங்கள் பதில் அந்தப் பயத்துக்குத்தான் போய்ச் சேர வேண்டும்.

முதலில் நான்கு விலகல்களையும் இரண்டாகப் பிரியுங்கள். கான்ட்ராக்ட் முடிந்ததும், ஆர்டர் குறைந்து அனுப்பப்பட்டதும் தானாக முடிந்தவை. சம்பளம் நின்ற இடமும் பில்லிங் கவுன்டரும் நீங்களாக விட்டவை. நேர்காணலில் பலரும் நான்கையும் ஒரே தொனியில், ‘அங்கேயும் சரியில்லை, இங்கேயும் சரியில்லை’ என்று சொல்லிவிடுகிறார்கள். நான்கு கதையிலும் கம்பெனிதான் குற்றவாளி என்றால், நான்கிலும் பொதுவாக இருக்கும் ஒரே ஆள் நீங்கள்தான் என்று கேட்பவர் மனதில் ஓடும். அதனால் தானாக முடிந்தவற்றை ஒரு வரியில் கடந்துவிடுங்கள். நீங்களாக விட்ட இரண்டில் ஒன்றிலாவது உங்கள் பங்கை ஒப்புக்கொள்ளுங்கள். பில்லிங் கவுன்டர் விஷயம் அதற்குப் பொருத்தமானது. என்ன வேலை என்பதைச் சேரும்போது எழுத்தில் கேட்டு வாங்காமல் விட்டது உங்கள் பக்கத்துக் குறை. சம்பளம் நின்றதை மட்டும் மழுப்ப வேண்டாம். ‘இரண்டு மாதம் சம்பளம் வரவில்லை’ என்பது யாருக்கும் புரியும் காரணம். முதலாளியின் குணத்தைப் பற்றி ஒரு சொல் சேர்த்தாலும் அதன் மதிப்பு போய்விடும்.

அடுத்தது வரிசை. கேள்வி வந்ததும் 2022-லிருந்து ஆரம்பிக்காதீர்கள். ஆடிட்டர் அலுவலகத்து நான்கு வருடம் முதலில் வரட்டும். பதில் ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை. கிட்டத்தட்ட இப்படி இருக்கலாம்:

“சார், முதல்ல ஒரே ஆடிட்டர் ஆபீஸ்ல நாலு வருஷம் இருந்தேன். அதுக்கப்புறம் சேர்ந்த இடத்துல ரெண்டு மாசம் சம்பளம் வரல, அதனால விலகினேன். மில் வேலை எட்டு மாச கான்ட்ராக்ட், முடியற வரைக்கும் இருந்தேன். மூணாவது இடத்துல என்ன வேலைன்னு தெளிவா கேட்டுக்காம சேர்ந்துட்டேன், அது என் தப்புதான். அங்கே அக்கவுன்ட்ஸ் வேலை கிடைக்கல. கடைசி கம்பெனில 14 மாசம். எல்லா மாசமும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் நான்தான் தேதிக்குள்ள போட்டேன். ஆர்டர் குறைஞ்சதால ஆள் குறைச்சாங்க. இங்கே மாசக் கணக்கு முடிக்கறதுல இருந்து ரிட்டர்ன் வரைக்கும் ஒரே ஆள் பாக்கணும்னு சொன்னீங்க. நான் தேடறது அந்த வேலையைத்தான்.”

இதில் கனமான வாக்கியம் ஜிஎஸ்டி பற்றியது. ‘நான் நிலையானவள், இனி மாற மாட்டேன்’ என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அதைச் சரிபார்க்க வழியில்லை. மாதாமாதம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதிக்குள் 3பி, அதற்கு முன் 2பி-யோடு கொள்முதல் பில்களை ஒப்பிட்டு விடுபட்டதைச் சப்ளையரிடம் துரத்தி வாங்குவது என்று சொன்னால், கேட்பவர் அக்கவுன்ட்ஸ்காரராக இருந்தால் அடுத்த கேள்வியே அந்த வேலையைப் பற்றித்தான் வரும். பேச்சு அப்படித் திரும்பினால் பதில் எடுபட்டது என்று அர்த்தம். ‘சரி, அந்த மூணாவது கம்பெனியில என்ன ஆச்சு?’ என்று மறுபடி அங்கேயே வந்தால், அந்த இடத்தில் நீங்கள் கூடுதலாகவோ மழுப்பலாகவோ பேசியிருக்கிறீர்கள். அந்த வரியை இன்னும் சுருக்குங்கள். உங்கள் ரிட்டர்னில் ஏதாவது ஒரு மாதம் தாமதமாகியிருந்தால் ‘எல்லா மாதமும்’ என்று சொல்லாதீர்கள். உண்மை எதுவோ அதை மட்டும் சொல்லுங்கள்.

கடைசி விலகலுக்கு உங்கள் ஊரில் நீண்ட விளக்கம் தேவையில்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்ததும், பின்னலாடை ஆர்டர்கள் தடுமாறியதும் கோவை, திருப்பூரில் நேர்காணல் நடத்தும் எவருக்கும் தெரியும். உங்கள் கம்பெனி அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்ததென்றால் அந்த ஒரு சொல்லே போதும்.

நேர்காணல் முடிவில் நீங்களும் கேளுங்கள்: இந்த இடத்தில் முன்பு இருந்தவர் ஏன் போனார், முதல் மூன்று மாதம் என்ன வேலை, யாரிடம் ரிப்போர்ட் செய்ய வேண்டும். பில்லிங் கவுன்டர் அனுபவத்திலிருந்து நீங்கள் கற்றுக்கொண்டதை எதிரில் இருப்பவர் நேரடியாகப் பார்ப்பது இந்த இடத்தில்தான்.

பயோடேட்டாவில் கான்ட்ராக்ட் வேலைக்குப் பக்கத்தில் ‘கான்ட்ராக்ட், 8 மாதம்’ என்று கட்டாயம் போடுங்கள். அது இல்லாவிட்டால் பார்ப்பவர் அதையும் ஓடிப்போனதாகவே எண்ணுவார். அங்கே சம்பளம் கொடுத்தது கன்சல்டன்சி என்றால், மில் பெயரோடு கன்சல்டன்சி பெயரையும் எழுதுங்கள். பிஎஃப் பதிவில் அந்தப் பெயர்தான் இருக்கும்.

இப்போது மறைப்பது பற்றி. பயோடேட்டாவில் எதைச் சேர்ப்பது என்பது உங்கள் விருப்பம். ஆனால் ஆறு மாதத்தை எடுத்தால் அங்கே ஆறு மாத ஓட்டை விழும், அதற்கும் விளக்கம் சொல்ல வேண்டும். வேலை உறுதியான பின் வரும் சரிபார்ப்புப் படிவத்தில் ‘முந்தைய எல்லா வேலைகளும்’ என்று கேட்டிருந்தால் அதை விடவே கூடாது. அந்தக் கம்பெனி பிஎஃப் பிடித்திருந்தால் உங்கள் யுஏஎன் கணக்கில் சேர்ந்த தேதியோடு பதிவாகியிருக்கும். ஆறு மாத வேலைக்காக நிராகரிப்பவர் குறைவு. மறைத்தது தெரிந்தால் ஆஃபர் கொடுத்த பிறகும் திரும்பப் பெறுவார்கள்.

ஆகவே அடுத்த நேர்காணலுக்கு முன் பிஎஃப் உறுப்பினர் தளத்தில் `View` → `Service History` திறந்து நான்கு வேலைகளின் தேதிகளையும் பயோடேட்டாவோடு ஒப்பிடுங்கள். சம்பளம் நிறுத்திய கம்பெனி விலகிய தேதியைப் போடாமல் விட்டிருக்க வாய்ப்பு அதிகம். அப்படியிருந்தால் நீங்கள் இன்னும் அங்கே வேலை பார்ப்பதுபோலத் தெரியும். இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் இருந்தீர்களா என்ற சந்தேகம் வரும். கடைசியாகப் பிஎஃப் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கடந்திருந்தால் `Manage` → `Mark Exit` வழியாக, ஆதார் ஓடிபி கொடுத்து, நீங்களே அந்தத் தேதியைப் பதியலாம். கடைசியாகப் பணம் கட்டப்பட்ட மாதத்துக்குள் வரும் தேதியைத்தான் அது ஏற்கும். பதிந்த பிறகு திருத்துவது சிரமம் என்பதால், ரிலீவிங் லெட்டர் இருந்தால் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுங்கள்.