கோயில் சேனல் பெயரில் போலி நன்கொடை: கண்டுபிடிப்பதும் பக்தர்களுக்குச் சொல்வதும்

கேள்வி: எங்கள் கோயில் யூடியூப் சேனல் பெயரில் யாரோ அன்னதானத்துக்குப் பணம் கேட்கிறார்கள். போலி என்று எப்படி உறுதி செய்வது? சின்ன வீடியோ போட்டு எச்சரிக்க நினைக்கிறோம், அதில் என்ன சொல்லலாம்?

முதலில் உங்கள் கமெண்ட் பகுதியைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் வலை வீசுவார்கள். "பிரதோஷ அபிஷேகம் அருமை, அன்னதானத்துக்கு உதவலாமா?" என்று ஒரு பக்தர் கேட்டிருப்பார். அதற்குக் கீழே உங்கள் சாமி படத்தையே முகப்பில் வைத்த ஒரு கணக்கு, "நன்றி பக்தரே, இந்த எண்ணுக்கு வாட்ஸ்அப் செய்யுங்கள்" என்று பதில் போட்டிருக்கும். படத்தையும் பெயரையும் யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம். @ போட்டு வரும் ஹேண்டில் மட்டும் இரண்டு பேருக்கு ஒன்றாக அமையாது. அதனால் நடுவில் ஒரு புள்ளி, கடைசியில் ஓர் அடிக்கோடு, கூடுதலாக ஒரு a என்று எதையாவது செருகியிருப்பார்கள். அதை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். இன்னொன்று, உங்கள் வீடியோவுக்குக் கீழே நீங்களே எழுதும் கமெண்டில் பெயருக்குப் பின்னால் நிறம் நிரப்பிய பட்டை தெரியும். போலிக்கு அது வராது.

வாட்ஸ்அப்பில் பேசினால் அடுத்து கியூஆர் படம் வரும். கோபுரப் படம், நடுவில் கியூஆர், கீழே அறக்கட்டளை பெயர் என்று பார்க்க அசலாகவே இருக்கும். அந்தக் கியூஆரைப் பணம் அனுப்பும் செயலியில் காட்டாமல், சாதாரண ஸ்கேனரில் படித்தால் உள்ளே இருப்பது இவ்வளவுதான்:

```
upi://pay?pa=abcd1234@xyz&pn=Arulmigu%20Annadhanam
```

pa என்பது பணம் போய்ச் சேரும் முகவரி. pn என்பது பெயர், அதைக் கியூஆர் தயாரித்தவர் தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்ளலாம். ஆகவே படத்தில் அச்சிட்ட பெயரும் சரி, pn-இல் இருக்கும் பெயரும் சரி, எதற்கும் சாட்சி இல்லை. பின் நம்பர் போடுவதற்கு முன்னால் செயலி காட்டும், வங்கிக் கணக்கில் பதிவான பெயரைத்தான் பார்க்க வேண்டும். அறக்கட்டளைக்கு என்று சொல்லிவிட்டு அங்கே தனி ஆள் பெயர் வந்தால் நிறுத்திவிடுங்கள். "அது எங்கள் பொருளாளர் கணக்கு" என்று சமாளிப்பார்கள். சின்ன ஊர்க் கோயில்களில் உண்மையிலேயே அப்படி இருப்பதும் உண்டு, அதனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டாமல் கோயிலில் நேரில் விசாரிக்க வேண்டும். அறநிலையத்துறைக் கோயில் என்றால் சுலபம்: துறையின் இணையதளம் அல்லது கோயில் அலுவலகம் வழியாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம்.

போலி என்று உறுதியானதும் உடனே புகார் பட்டனை அழுத்தாதீர்கள். கணக்கு மறைந்துவிட்டால் ஆதாரமும் போய்விடும். கமெண்ட், வாட்ஸ்அப் உரையாடல், கியூஆர் எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். ஹேண்டிலை அவர்கள் மாற்றிக்கொள்ள முடியும் என்பதால், அந்தச் சேனலின் விவரப் பக்கத்தில் UC என்று தொடங்கும் சேனல் ஐடியையும் எடுத்து வையுங்கள், அது மாறாது. அப்புறம் ஆள்மாறாட்டம் என்று யூடியூப்பில் புகார் கொடுங்கள். உங்கள் ஸ்டுடியோ அமைப்புகளில் தடுக்கப்பட்ட சொற்கள் பட்டியலில் "வாட்ஸ்அப்", "GPay" போன்றவற்றைச் சேர்த்தால், அந்தச் சொல் உள்ள கமெண்ட்கள் உங்கள் பார்வைக்கு நிற்கும்.

இப்போது வீடியோ. நாற்பது நொடி தாராளம். வணக்கம், நமஸ்காரம் என்று இழுக்காமல் முதல் வாக்கியத்திலேயே விஷயத்தைச் சொல்லுங்கள், ஸ்க்ரோல் செய்பவர் அவ்வளவுதான் கேட்பார். வழக்கமாக சேனலில் பேசும் குரலே பேசட்டும், பக்தர்களுக்கு அது அடையாளம்.

"நம் கோயில் பெயரில் கமெண்டில் போன் நம்பர் கொடுத்துப் பணம் கேட்கிறார்கள். அது நாங்கள் இல்லை. நாங்கள் கமெண்டிலோ வாட்ஸ்அப்பிலோ ஒருபோதும் பணம் கேட்பதில்லை. கொடுக்க நினைப்பவர்கள் கோயில் அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்கள் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்."

(இப்படிச் சொல்லிவிட்டு அடுத்த வாரம் நீங்களே கமெண்டில் நம்பர் போட்டால் எல்லாம் வீண்.)

போலிக் கியூஆரைத் திரையில் காட்டுவதாக இருந்தால் முழுவதுமாக மறைத்துவிடுங்கள். லேசாக மங்கலாக்கினால் போதாது, வீடியோவை நிறுத்தி ஸ்கேன் செய்து பணம் அனுப்பிவிடுபவர்கள் இருப்பார்கள். அசல் கியூஆரும் இந்த வீடியோவில் வேண்டாம். மோசடிக்காரர்கள் வீடியோவை வெட்டி, கியூஆரை மாற்றி ஒட்டி, "எச்சரிக்கை" என்ற பெயரிலேயே சுற்றவிடலாம். உங்கள் சரியான ஹேண்டிலை மட்டும் பெரிய எழுத்தில் சில நொடிகள் நிறுத்துங்கள். ஷார்ட்ஸ் விளக்கத்தில் லிங்க் போட்டால் அதை அழுத்த முடியாது, அதனால் திரையில் எழுதுவதுதான் பயன்படும்.

பணம் இழந்தவர் உங்களிடம் வந்தால், புகாரை அவரே பதிய வேண்டும் என்று சொல்லுங்கள், 1930 அல்லது cybercrime.gov.in. செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்க UTR எண் இருக்கும், அது கையில் இருக்கட்டும். நீங்கள் எடுத்து வைத்த ஸ்க்ரீன்ஷாட்டுகளை அவருக்கு அனுப்பிவிடுங்கள்.