எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் ஹைப்பர்இன்டென்ஸ், ஹைப்போஇன்டென்ஸ்: கேள்வி பதில்

அப்பாவுக்கு 62 வயது, பிபி உண்டு. மூளை ரிப்போர்ட்டில் "T2/FLAIR ஹைப்பர்இன்டென்ஸ் புள்ளிகள்" என்று போட்டிருக்கிறது. கட்டியா சார்?

அது நோயின் பெயர் இல்லைங்க. பக்கத்துத் திசுவைவிட அந்த இடம் வெளுப்பாகத் தெரிகிறது என்று மட்டும் பொருள். கருப்பாகத் தெரிந்தால் ஹைப்போ. T2 என்பது எம்ஆர்ஐ படத்தில் ஒரு வகை, அதில் நீர் வெள்ளையாக வரும். அதனால் மூளையின் நீரறைகளும் வெள்ளை, அவற்றை ஒட்டிய புள்ளிகளும் வெள்ளை, இரண்டும் கலந்துவிடும். FLAIR என்பது அந்த நீரை மட்டும் கருப்பாக்கி எடுத்த T2. அதில் புள்ளிகள் தனியே நிற்கும். இந்த வயதில், பிபியோடு, சிதறிய சிறு புள்ளிகள் என்றால் பெரும்பாலும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பழுதானதன் தடம். ரிப்போர்ட்டில் ஃபஸேகாஸ் எண் இருக்கிறதா பாருங்கள்: 1 என்றால் உதிரிப் புள்ளிகள், 3 என்றால் ஒன்றோடொன்று சேர்ந்து பரவியவை. கட்டியா என்பதை அந்த ஒரு சொல்லை வைத்து நானும் சொல்ல முடியாது. படத்தைப் பார்த்தாக வேண்டும்.

வெள்ளை என்றாலே ரத்தக்கசிவுதானே? மாமாவுக்கு அப்படித்தான் சொன்னார்கள்.

அவருக்கு எடுத்தது சி.டி.யாக இருக்கும். புதுக் கசிவு அதில் வெள்ளைதான். எம்ஆர்ஐயில் ரத்தம் நாளாக ஆக நிறம் மாறும். சில நாள் கழித்து T1 என்ற இன்னொரு வகைப் படத்தில் வெளுக்கும். மாதங்கள் போனபின் இரும்புச்சத்து தங்கி T2-வில் கருப்பு விளிம்பாக நிற்கும். ரத்தக்கசிவை நுணுக்கமாகக் காட்டும் SWI படத்தில் கசிவு கருப்பு. ஆனால் சுண்ணாம்புப் படிவும் அதில் கருப்புதான், சந்தேகம் வந்தால் சி.டி. பார்த்துத்தான் பிரிப்போம்.

எனக்கும் ஹைப்பர் என்று வந்திருக்கிறது. பிபி மாத்திரையைக் கூட்டணுமா?

வேண்டாம்மா. ஹைப்பர்டென்ஷன் வேறு, இது படத்தின் வெளிச்சம். மாத்திரையை உங்கள் டாக்டர் பிபி அளந்து முடிவு செய்யட்டும்.

டெக்னீஷியன் படிக்கிறேன். DWI-யில் வெள்ளை என்றால் புது ஸ்ட்ரோக் என்று எடுத்துக்கொள்ளலாமா?

DWI என்பது திசுவில் நீர் மூலக்கூறுகள் நகர்வதைக் காட்டும் படம், ADC அந்த நகர்வின் அளவைக் காட்டும் படம். ADC-யைப் பார்க்காமல் வேண்டாம். பழைய புண்ணின் T2 வெளுப்பு DWI-யிலும் ஊடுருவித் தெரியும். அப்போது ADC-யில் அந்த இடம் கருக்காது.

ஓர் உதாரணம். காலையில் எழும்போதே வலது கை தூக்க வரவில்லை. எப்போது தொடங்கியது என்று தெரியாது. இடது மூளையில் ஓர் இடம் DWI-யில் பளிச், ADC-யில் கருப்பு. நீர் மூலக்கூறுகள் நகர முடியாமல் வீங்கிய செல்களுக்குள் அடைபட்டிருக்கின்றன. அதே இடத்தில் FLAIR-இல் ஒன்றுமே இல்லை. FLAIR வெளுக்கச் சில மணி நேரம் பிடிக்கும் என்பதால், பாதிப்பு நாலரை மணி நேரத்துக்குள் நடந்திருக்க வாய்ப்பு அதிகம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை யோசிக்க இடம் உண்டு. சிக்கல், FLAIR-இல் லேசாக வெளுத்திருக்கும்போதுதான். இருவர் பார்த்தால் ஒருவர் "உண்டு" என்பார், இன்னொருவர் "இல்லை" என்பார். சீழ்க்கட்டியும் DWI வெள்ளை, ADC கருப்பு என்று வரும், காய்ச்சல் இருந்ததா என்று கேட்டுவிடுங்கள்.