அம்மாவின் எஃப்.டி.க்கு மகன் சம்பளக் கணக்கு எதற்கு?

கேள்வி: "அம்மா கேட்கச் சொன்னார்கள். அவர்களுக்கு 67 வயது, கும்பகோணத்தில் இருக்கிறார்கள். அப்பா அரசுப் பள்ளி ஆசிரியர். அவர் மறைந்த பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியமாக மாதம் 24,000 ரூபாய் வருகிறது. வங்கியில் 20 லட்சம் ரூபாய் 7% வட்டிக்கு எஃப்.டி.யாக இருக்கிறது. ஜூன், செப்டம்பர், டிசம்பர் என மூன்று முறையும் வட்டியில் 3,500 ரூபாய் பிடித்துவிட்டார்கள். நான் பெங்களூரில் ஐ.டி. வேலையில் ஆண்டுக்கு 26 லட்சம் வாங்குகிறேன், 30% வரி கட்டுகிறேன். எஃப்.டி.யில் 8 லட்சம் நான் அனுப்பிய பணம். கணக்கும் எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது. அப்படியானால் இந்த வட்டிக்கு 30% வரியா? 15ஜி கொடுத்தால் பிடித்தம் நிற்குமா?"
– வாசகர், பெங்களூரு

பதில்: முதலில் அம்மாவுக்குப் போன் போட்டு இதைச் சொல்லிவிடுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் கணக்குப்படி 2025-26 நிதியாண்டில் அவர் கட்டவேண்டிய வருமான வரி எதுவும் இல்லை. பிடித்த 10,500 ரூபாய் திரும்ப வரும். உங்கள் 26 லட்சத்துக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

ஆனால் இது எஃப்.டி. ரசீதில் முதல் பெயர் யாருடையது என்பதைப் பொறுத்தது. உங்கள் சம்பளம் எவ்வளவு, எந்த ஊரில் வேலை என்றெல்லாம் எழுதிய நீங்கள் அதை எழுதவில்லை. பெற்றோருக்காகப் பிள்ளைகள் அனுப்பும் கடிதங்களில் பாதி இப்படித்தான் வருகின்றன. எழுதுகிறவர் தன் விவரத்தைக் கொட்டிவிடுவார், யாருக்காகக் கேட்கிறாரோ அவருடைய விவரத்தைத் தேட வேண்டியிருக்கும். நீங்கள் அம்மாவின் வயதையும் ஓய்வூதியத்தையும் சொன்னதே எனக்குப் பெரிய உதவி.

சரி, ரசீதை எடுத்துப் பாருங்கள். கூட்டு வைப்பில் வங்கி முதல் பெயர்க்காரரைத்தான் வட்டிக்கு உரியவராகக் கணக்கில் எடுக்கும். டி.டி.எஸ். அவருடைய பான் எண்ணில்தான் போய்ச் சேரும். இரண்டாவது பெயர் பெரும்பாலும் வசதிக்காகச் சேர்ப்பது. ரசீது கைவசம் இல்லையென்றால் வேறு வழியும் இருக்கிறது. அந்த வங்கி அதே கால அளவுக்கு மற்றவர்களுக்கு 6.5% கொடுத்து உங்களுக்கு மட்டும் 7% வருகிறது என்றால், அது மூத்த குடிமக்களுக்கான கூடுதல் அரை சதவிகிதம். அப்படியானால் அம்மா பெயர்தான் முதலில் இருக்கும். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? வருமான வரித் தளத்தில் அம்மாவின் பான் எண்ணில் நுழைந்து 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து பாருங்கள். ஜூன், செப்டம்பர் பிடித்தங்கள் அங்கே இருந்தால் கவலை இல்லை. டிசம்பர் பிடித்தம் ஏறக் கொஞ்ச நாள் ஆகலாம். அங்கே ஒன்றுமே இல்லாமல் உங்கள் 26ஏஎஸ்ஸில் அந்தத் தொகை இருந்தால், வங்கியைப் பொறுத்தவரை அந்த வட்டி உங்களுடையது. அப்படியிருந்தால் எஃப்.டி.யை முறித்து அம்மா பெயரை முதலில் வைத்துப் புதிதாகப் போடுவது நல்லது. முறிப்பதற்குப் பல வங்கிகள் வட்டியில் அரை முதல் ஒரு சதவிகிதம் குறைப்பார்கள். முதிர்வு பக்கத்தில் இருந்தால் அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா பெயர்தான் முதலில் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

அம்மா உண்மையில் கேட்டது "என் வட்டியில் ஏன் பிடித்தார்கள்?" என்பதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். 30% பயம் உங்களுடையது. அவருக்கான பதில் சின்னது. 60 வயது தாண்டியவருக்கு ஒரு வங்கியில் ஆண்டு வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டினால், வங்கி முழு வட்டியிலும் 10% பிடிக்க வேண்டும். 20 லட்சத்துக்கு 7% என்றால் 1,40,000. வரம்பைத் தாண்டிய 40,000க்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் பிடிப்பார்கள். காலாண்டுக்கு 35,000, அதில் 3,500. அம்மாவின் மொத்த வருமானம் என்ன, அவருக்கு வரி வருமா வராதா என்பதெல்லாம் வங்கிக்குத் தெரியாது. நாம்தான் எழுதிக் கொடுத்துத் தெரிவிக்க வேண்டும்.

இப்போது அவருடைய கணக்கைப் போடுவோம். குடும்ப ஓய்வூதியம் ஆண்டுக்கு 2,88,000. இதை வரிச் சட்டம் சம்பளமாகப் பார்ப்பதில்லை, 'இதர வருமானம்' என்ற தலைப்பில் வைக்கிறது. பிள்ளைகள் ரிட்டர்ன் நிரப்பும்போது தவறுவது இங்கேதான். தங்களுக்குக் கிடைக்கும் 75,000 ரூபாய் நிலையான கழிவை அம்மாவுக்கும் போட்டுவிடுகிறார்கள். அந்த 75,000 வேலை பார்த்து ஓய்வு பெற்றவரின் சொந்த ஓய்வூதியத்துக்கு உண்டு. கணவர் இறந்த பிறகு மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியத்துக்கு அது கிடையாது. அதற்குப் புதிய வரி முறையில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, இரண்டில் எது குறைவோ அது. மூன்றில் ஒரு பங்கு 96,000 ஆகிறது, ஆகவே 25,000தான் கழியும். மீதி 2,63,000. அதோடு வட்டி 1,40,000 சேர்த்தால் 4,03,000.

புதிய முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை. மேலே உள்ள 3,000க்கு 5% என்றால் 150 ரூபாய். வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு 87ஏ பிரிவின் தள்ளுபடி இருப்பதால் அந்த 150ம் போய்விடும். பழைய முறையில் போட்டாலும், மூத்த குடிமக்களுக்கான 50,000 வட்டிக் கழிவும் அங்கேயுள்ள தள்ளுபடியும் சேர்ந்து வரியில்லாமல்தான் முடிகிறது. அதனால் எந்த முறை என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டாம்.

ஒன்று மட்டும் அம்மாவிடம் கேளுங்கள். 24,000 என்பது பாஸ்புக்கில் வந்து விழும் தொகையா, பிடித்தத்துக்கு முந்தைய தொகையா? மருத்துவக் காப்பீட்டுப் பிடித்தம் போகக் கைக்கு வருவதைத்தான் பலர் ஓய்வூதியம் என்று சொல்வார்கள். வரிக்குக் கணக்கு முழுத் தொகை. கருவூலம் தரும் ஓய்வூதிய விவரத்தில் அது இருக்கும். கூடவே வேறு வங்கி வைப்பு, அஞ்சலகச் சேமிப்பு, வீட்டு வாடகை ஏதாவது உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். இவையெல்லாம் சேர்ந்தும் 12 லட்சத்துக்குள் இருந்தால் முடிவு மாறாது. அந்த ஆண்டில் மனையோ பங்கோ விற்றிருந்தால் மட்டும் ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். மூலதன ஆதாயத்துக்குத் தனி வரி விகிதம், புதிய முறையின் தள்ளுபடி அதற்கு எட்டாது.

அடுத்து உங்கள் 8 லட்சம். மனைவிக்கோ, 18 வயது ஆகாத பிள்ளைக்கோ, மருமகளுக்கோ பணம் கொடுத்து, அதிலிருந்து வருமானம் வந்தால் அதைக் கொடுத்தவர் வருமானத்தோடு சேர்ப்பார்கள். உங்கள் நண்பர்கள் யாராவது பயமுறுத்தியிருந்தால் இதைக் கேள்விப்பட்டுத்தான் சொல்லியிருப்பார்கள். அந்தப் பட்டியலில் அம்மா இல்லை. மகன் தாய்க்குக் கொடுத்தது அன்பளிப்பு, வாங்கிய அம்மாவுக்கும் அதற்கு வரி இல்லை. அதன் வட்டி முழுக்க அவருடையது.

ஆனால் கொடுத்தது கொடுத்ததாகவே இருக்க வேண்டும். "அம்மா பெயரில் போட்டு வைத்திருக்கிறேன், வீடு வாங்கும்போது எடுத்துக்கொள்வேன்" என்ற ஏற்பாடு என்றால், அது திரும்பப் பெறத்தக்க மாற்றம். அந்த வட்டி, அதாவது 56,000 ரூபாய், உங்கள் வருமானம்தான். 30% அங்கே வந்து நிற்கும். நீங்கள் எந்த எண்ணத்தில் அனுப்பினீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அன்பளிப்புதான் என்றால் ஒரு வெள்ளைத்தாளில் தேதி, தொகை, 'அன்பளிப்பாகக் கொடுத்தேன்' என்ற வரி, இருவர் கையெழுத்து, இவ்வளவு போதும். வங்கி மூலம் அனுப்பிய பதிவோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்ட 15ஜி அம்மாவுக்கு ஆகாது. அது 60 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு. அவருடையது 15எச். தள்ளுபடி போக வரி வராது என்றாலும் 15எச் கொடுக்கலாம். கையெழுத்து அம்மாதான் போட வேண்டும், ஏனென்றால் "என் வருமானத்துக்கு வரி வராது" என்று உறுதி சொல்கிறவர் அவர். நீங்கள் நிரப்பித் தரலாம், கிளைக்குக் கொண்டு போகலாம். அவருடைய இணைய வங்கிக் கணக்கு வழியாகவும் கொடுக்கலாம். இப்போது கொடுத்தால் மார்ச்சில் பிடிக்க இருக்கும் 3,500 மட்டும்தான் நிற்கும். ஏற்கெனவே பிடித்ததை வங்கி திருப்பித் தராது. படிவம் ஒரு நிதியாண்டுக்குத்தான் செல்லும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வருவதால், ஏப்ரலில் அந்த ஆண்டுக்கான படிவத்தைக் கிளையிலேயே கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

10,500 திரும்ப வேண்டுமென்றால் 2026 ஜூலை 31க்குள் அம்மா பெயரில் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். வரிதான் இல்லையே, எதற்கு ரிட்டர்ன் என்று அவர் கேட்பார். தள்ளுபடிக்கு முந்தைய வருமானம் 4,03,000. நான்கு லட்சத்தை மூவாயிரம் தாண்டிவிட்டதால், ரீஃபண்ட் வேண்டாம் என்றாலும் தாக்கல் கட்டாயம்தான்.

தளத்தில் பதிவு செய்யும்போது அம்மாவின் செல்போன் எண்ணையே கொடுங்கள். கடைசியில் சரிபார்க்க வரும் ஆதார் ஓ.டி.பி. எப்படியும் அவருடைய ஆதாரோடு இணைந்த எண்ணுக்குத்தான் போகும், அந்த நேரத்தில் அவர் போன் பக்கத்தில் இருக்க வேண்டும். ரீஃபண்டுக்கு ஓய்வூதியம் வரும் அவருடைய கணக்கைத் தளத்தில் முன்கூட்டியே சரிபார்த்து வையுங்கள். உங்கள் கணக்கு எண்ணைப் போட்டால் பான் பொருந்தாமல் பணம் நின்றுவிடும்.

எஃப்.டி. முதிரும்போது மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தைப் பற்றியும் அம்மாவிடம் பேசுங்கள். இப்போது 8.2% வட்டி, 30 லட்சம் வரை போடலாம், அவருடைய 20 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 41,000 வரும். ஐந்து வருடம் பணம் உள்ளே இருக்கும், முன்னால் எடுத்தால் பிடித்தம் உண்டு. அதனால் மருத்துவச் செலவுக்குக் கைக்கு எட்டும்படி எவ்வளவு வேண்டும் என்று அவரிடமே கேட்டு, மீதியைப் போடலாம். அதில் கூட்டுக் கணக்கு கணவன் மனைவிக்கு மட்டும்தான். நீங்கள் நாமினியாக இருக்கலாம், இரண்டாவது பெயராக முடியாது.