மஞ்சளின் ஃபியூச்சர்ஸ் விலையைக் கணக்கிடுவது எப்படி?

கேள்வி: குவிண்டால் மஞ்சள் இன்று 14,000 ரூபாய். வட்டி, கிடங்கு வாடகை எல்லாம் சேர்த்தால் மூன்று மாத ஃபியூச்சர்ஸ் விலை எவ்வளவு வர வேண்டும்? சந்தையில் அதைவிடக் குறைவாக இருக்கிறதே, ஏன்?

ஃபியூச்சர்ஸ் என்பது, பின்னொரு தேதியில் கைமாறும் சரக்குக்கு இன்றே விலை பேசி முடிக்கும் ஒப்பந்தம். இன்றே சரக்கை வாங்கி மூன்று மாதம் வைத்திருந்தால் என்ன அடக்கமாகுமோ, அதுதான் கணக்குப்படி அந்த விலை.

```
F = (S + U) × (1 + r × t)
```

S இன்றைய விலை, U முன்கூட்டியே கட்டும் வாடகை, r ஆண்டு வட்டி, t ஆண்டுக் கணக்கில் காலம். வாடகை மாதம் 40 ரூபாய், வட்டி 10% என்று வைப்போம். U = 120, t = 0.25. ஆக 14,120 × 1.025 = 14,473 ரூபாய். வாடகைக்குப் போட்ட பணத்துக்கும் வட்டி உண்டு என்பதால்தான் இரண்டையும் கூட்டிப் பெருக்குகிறோம். கிடங்கில் வாடகை மூட்டைக்கு என்றால் முதலில் குவிண்டாலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

சந்தையில் 14,700 இருந்தால் சரக்கை வாங்கிக் கிடங்கில் போட்டு, ஃபியூச்சர்ஸை விற்கலாம். 227 ரூபாய் மிஞ்சும். தரப் பரிசோதனை, ஏற்றுகூலி, எடைக் குறைவு போனால் பாதிகூட நிற்காமல் போகலாம்.

14,200 இருந்தால் கதை வேறு. கையில் இல்லாத மஞ்சளை இன்றைய சந்தையில் விற்க முடியாது. இருப்பு வைத்திருப்பவர் மட்டுமே அதை விற்றுவிட்டு ஃபியூச்சர்ஸை வாங்கலாம். அரவை ஆலைக்காரரோ, ஆலை நிற்கக் கூடாதென்று சரக்கை விடமாட்டார். ஆகவே 14,473 மேல்வரம்பு போலத்தான். கீழே அப்படிப் பிடிமானம் இல்லை. அதிலும் இடையில் அறுவடை வந்தால், புதுவரத்தை எதிர்பார்த்து தூர மாத விலை இன்றைய விலைக்கும் கீழே போகலாம்.